பூட்டனாரின் விடையும் பேரனின் வினாவும்

கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் நாளில் யாழ்ப்பாணத்து வீடுகளிற் பாதி இழவு வீடுகளாக மாறிவிடுகின்றன. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை தலையைக் குனிந்து கொண்டு ஒரு மூலையில் இருக்கும். சுற்றியிருப்போர், இனி என்ன செய்வது என்று ஆலோசிப்பர். ஆனால் அந்த ஆலோசனை உண்மையில் ஆலோசனையன்று. அங்கே வினா எழுமுன்னரே விடை ஆயத்தமாக இருக்கிறது. மருத்துவம், இல்லையேல் பொறியியல், இல்லையேல் ஏதேனும் ஒரு பட்டம், பட்டத்தின் பின் அரசாங்க உத்தியோகம். இந்த ஏணியின் எந்தப் படியில் காலை வைப்பது என்பது மட்டுமே அங்கே பேசப்படுகிறது. இந்த ஏணி எவ்விடத்திலிருந்து வந்தது, எந்தச் சுவரில் சாத்தப்பட்டது, அந்தச் சுவர் இன்னும் நிற்கிறதா என்று கேட்பார் எவருமில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம். கேட்கும் முறை ஒன்றும் புதியதன்று. ஒரு முடிவைத் தாங்கி நிற்கும் கருத்துக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, இது நாமே சோதித்தறிந்த உண்மையா, பிறர் வாயிலிருந்து வாங்கிக் கொண்டதா என்று பிரித்து, எஞ்சி நிற்கும் மூல உண்மைகளிலிருந்து மீண்டும் கட்டியெழுப்பும் முறை அது. 1637இல் வெளிவந்த தமது நூலில் டேக்கார்ட் இம்முறையைத் தத்துவத்துக்குப் பயன்படுத்தினார். நாம் அதனை உழைப்புக்கும் உணவுக்கும் பயன்படுத்த விரும்புகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். உத்தியோக மோகம் நம் முன்னோரின் மூடத்தனம் என்று சிலர் எழுதுகின்றனர். அது உண்மையன்று. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேற் படிந்த மண். அங்கே வற்றாத ஆறு கிடையாது. கிணற்று நீரை இறைத்து இறைத்தே தோட்டஞ் செய்ய வேண்டும். தகப்பனின் காணி பிள்ளைகளுக்குப் பிரிந்து, பேரப்பிள்ளைகளுக்குப் பரப்புக் கணக்கிற் சுருங்கியது. அந்நிலையில், 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரியை ஆரம்பித்தனர். ஆங்கிலங் கற்ற இளைஞனுக்கு அரசாங்கக் கந்தோரிலே கதிரை கிடைத்தது. பின்னர் மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் இடங் கிடைத்தது. மாதந்தோறும் அங்கிருந்து வந்த மணியோடர் இங்கே கல் வீடாகவும் நகையாகவும் சீதனமாகவும் உருமாறியது. எமது பூட்டனார் தம் காலத்து நிலத்தை அளந்தார், நீரை அளந்தார், சம்பளத்தை அளந்தார், பின்னரே முடிவு செய்தார். அவர் மூலத்திலிருந்து சிந்தித்த மனிதர்.

நாமோ அவருடைய சிந்தனையைக் கைவிட்டு விடையை மட்டும் மனனஞ் செய்து கொண்டோம். 1956இல் அரசகரும மொழிச் சட்டம் வந்து கந்தோர்க் கதவு ஒடுங்கியது. எழுபதுகளின் தொடக்கத்திலே தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழகக் கதவும் ஒடுங்கியது. பின்னர் யுத்தம் வந்தது, இடப்பெயர்வு வந்தது, புலம்பெயர்வு வந்தது. கணக்கின் எண்கள் அத்தனையும் மாறிவிட்டன. விடை மட்டும் மாறவில்லை. எண்கள் மாறிய பின்னும் பழைய விடையையே எழுதும் மாணவனுக்கு எந்த ஆசிரியர் புள்ளி கொடுப்பார்?

இங்கே வெறும் தத்துவம் பேசிப் பயனில்லை. நாம் அருகிருந்து கண்ட ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டியதில்லை. வடமராட்சிக் கரையோரத்து ஊர் ஒன்று. தகப்பனார் சங்கக் கடையிலே வேலை செய்து ஓய்ந்தவர். தாயார் இருதய நோயாளி. மகன் உயிரியற் பிரிவிலே இரு முறை பரீட்சை எழுதினான். இரு முறையும் மருத்துவத்துக்கு எட்டவில்லை. தங்கை பத்தாம் வகுப்பு. பையன் சனி ஞாயிறுகளில் அயலிலுள்ள குளிர்சாதனப் பெட்டி திருத்தும் கடையிலே கையுதவிக்கு நிற்பான். தகப்பனார் மூன்றாம் முறையும் எழுத வேண்டும் என்றார். கனடாவிலுள்ள தாய்மாமனும் அதையே சொல்லி, படிப்புச் செலவுக்குப் பணமும் அனுப்பினார். பையன் ஒன்றுஞ் சொல்லவில்லை. ஓர் மாலையில் அவர்கள் எம்மை அழைத்தபோது, நாம் ஒரு கொப்பியை விரித்து வைத்துக் கொண்டு அமர்ந்தோம்.

முதலில், தொழிலின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக் கொண்டோம். மருத்துவம் என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, அதனால் இக்குடும்பம் எதனைப் பெற நினைக்கிறது என்று மட்டும் சொல்லச் சொன்னோம். இந்த இடத்திலேதான் பெரும்பாலானோர் இடறி விழுகின்றனர். உத்தியோகம் என்பது ஒரு பொருளன்று. பல பொருள்களைக் கட்டிய ஒரு பொட்டலம். பொட்டலத்தின் பெயரைத் தேவையின் பெயராகக் கொள்வதே பரம்பரை எண்ணங்களுள் மிகவும் ஆழமானது. நெடுநேரம் பேசிய பின் ஐந்து தேவைகள் கொப்பியில் ஏறின. மாதந்தோறும் தவறாத வருமானம் ஒன்று. முதுமைக்கு ஒரு காப்பு. தாயார் நோயாளியாதலால் மகன் இரவில் வீட்டில் இருத்தல். தங்கையின் படிப்பும் கலியாணமும். ஐந்தாவது, ஊரிலே மதிப்பு. இந்த ஐந்திலே மருத்துவம் என்ற சொல் இல்லை என்பதைத் தகப்பனாரே வாசித்துப் பார்த்துச் சற்று நேரம் மௌனமாயிருந்தார்.

அதன் பின்னர் அவ்வீட்டில் வழங்கிய கூற்றுக்களை எழுதினோம். ஒவ்வொரு கூற்றையும் மூன்று வகைகளுள் ஒன்றிற் சேர்த்தோம். எண்ணியும் அளந்தும் அறியக் கூடியது முதல் வகை. சட்டத்தினாலோ நிறுவன விதியினாலோ நிற்பது இரண்டாம் வகை. வழக்கத்தினால் மட்டும் நிற்பது மூன்றாம் வகை. வகை பிரிப்பதற்கு நாம் வைத்த உரைகல் ஒன்றே. “இந்தக் கூற்றுப் பிழை என்று உங்களுக்கு எது காட்டும்?” என்று கேட்டோம். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய கூற்றைச் சோதிக்கலாம். “எல்லாரும் அப்பிடித்தானே” என்பது மட்டுமே விடையாக வந்தால் அது மூன்றாம் வகை.

“மூன்றாம் முறை எழுதினால் நிச்சயம் கிடைக்கும்” என்பது முதற் கூற்று. இது எண்ணி அறியக் கூடியது. ஆனால் அவ்வீட்டில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இசட் புள்ளி என்பது ஏதோ மந்திரம் என்று பலர் கருதுகின்றனர். ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலாற் பிரித்தால் அப்பாடத்துக்குரிய இசட் புள்ளி வரும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே மாணவனின் இசட் புள்ளி. அது மாணவனின் அறிவை அளப்பதன்று. அவ்வாண்டில் அவனோடு ஓடியவர்களுள் அவன் நிற்கும் இடத்தையே அளப்பது. அந்த இடத்தைக் கொண்டு, அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பங்கிடப்படுகின்றது. கிளிநொச்சியிற் கிடைக்கும் இடம் அதே புள்ளிக்கு யாழ்ப்பாணத்திற் கிடைக்காமற் போவது இதனாலேயே.

பையனின் இரண்டாம் முறைப் பெறுபேறு, தனது மாவட்டத்தில் மருத்துவத்துக்குரிய வெட்டுப்புள்ளியிலும் 0.3 குறைவு. சராசரியில் 0.3 என்றால் மூன்று பாடங்களிலும் சேர்த்து 0.9. ஒரு பாடத்தின் நியம விலகல் 15 புள்ளி எனக் கொள்வோமாயின், அது மொத்தத்தில் ஏறத்தாழ 13 அல்லது 14 புள்ளி. கேட்பதற்குச் சிறிது போலத் தோன்றும். ஆனால் முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்குமிடையே, ஓராண்டு முழுவதும் வேறு வேலை செய்யாது படித்து, அவன் உயர்ந்தது 0.09 மட்டுமே. அதாவது மூன்று பாடங்களிலும் சேர்த்து நான்கு புள்ளி. இதே வேகத்திற் போனால் இடைவெளியைக் கடக்க இன்னும் மூன்று முறைக்கு மேல் வேண்டும். பல்கலைக்கழக அனுமதி விதி மொத்தமாகவே மூன்று முறைதான் அனுமதிக்கிறது. அவனுக்கு மிஞ்சியிருந்தது ஒன்று.

இக்கணக்கை விதியின் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது என்பதையும் அவர்களுக்குச் சொன்னோம். பரீட்சை நாட்களிற் காய்ச்சலாய்க் கிடந்தவனுக்கு மூன்றாம் முறை நியாயமானது. ஒரு பாடத்தின் குறையைக் கண்டு அதனை நீக்க வழியும் கண்டவனுக்கும் நியாயமானது. ஆகவே, “உன் குறை எந்தப் பாடத்தில்?” என்று பையனிடம் கேட்டோம். இரு முறையும் பௌதிகவியலே அவனைக் கீழே இழுத்திருந்தது. “இரண்டாம் முறை பௌதிகவியலுக்கு வேறாக என்ன செய்தாய்?” என்று கேட்டோம். அதே கல்வி நிலையம், அதே ஆசிரியர், அதே குறிப்புக் கொப்பி. அப்போதுதான் அவன் முதன்முறையாக வாய் திறந்தான். “ஐயா, பிரிஜ்ஜிலை வாயு செலவாகாது. அது மூடின குழாய்க்குள்ளை சுத்திக்கொண்டே இருக்கும். குறைஞ்சிருந்தால் எங்கையோ ஒழுக்கு இருக்கு. ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் வாயு அடிச்சால் ரெண்டு மாசத்திலை திரும்பவும் கொண்டு வருவினம். நானும் ஒழுக்கைப் பாக்காமல்தான் வாயு அடிச்சிருக்கிறன்.” அவனுடைய ஆசிரியர் எவரும் இதனிலும் நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

“மருத்துவம் இல்லாவிட்டால் ஒரு பட்டம், பட்டம் எடுத்தால் அரசாங்க வேலை” என்பது இரண்டாவது கூற்று. இது சட்டத்தினால் நிற்பது போலத் தோற்றமளிக்கிறது. ஆனால் பட்டதாரிக்கு அரசாங்கம் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று இந்நாட்டில் எந்தச் சட்டமும் கூறவில்லை. அரசியல்வாதிகளின் வாக்குறுதிகளினாலும் காலத்துக்குக் காலம் நடந்த கூட்டு நியமனங்களினாலும் உருவாகிய ஒரு நம்பிக்கையே அது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னே மாதக் கணக்காகப் போராடியதை நாம் மறக்கவில்லை. 2020இல் பல்லாயிரம் பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபாப் படியுடன் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களிற் பலர் தாம் கற்றதற்குத் தொடர்பற்ற மேசைகளில் அமர்த்தப்பட்டனர். பையனின் வயதோடு இதனைப் பொருத்திப் பார்த்தோம். அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம், பட்டத்துக்குரிய மூன்று அல்லது நான்கு ஆண்டு, நியமனத்துக்காகக் காத்திருக்கும் காலம் ஆகியவற்றைக் கூட்டினால், முதலாவது முழுச் சம்பளம் இருபத்தேழு வயதை அண்டியே வரும். தங்கையின் உயர்தரப் படிப்பு அதற்கு எத்தனையோ ஆண்டு முன்னரே வந்துவிடும். ஐந்து தேவைகளில் நான்காவதை இவ்வழி நிறைவேற்றாது.

அரசாங்கச் சம்பளம் ஆடாது அசையாது என்ற கருத்தையும் இவ்விடத்திற் சோதித்தல் தகும். ரூபா எண்ணிக்கையில் அது குறையவில்லை என்பது மெய். ஆனால் 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஓராண்டிலே ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்தது. சம்பளத் தாளில் எண் குறையவில்லை; அது வாங்கிய அரிசி குறைந்தது. எனவே தவறாத வருமானம் என்று எழுதிய முதல் தேவையை, தவறாமல் வருவது, வந்தபின் தேயாதிருப்பது என்று இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. அரசாங்க உத்தியோகம் முன்னதை நன்கு தருகிறது. பின்னதைத் தருவதாக எவரும் உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவது கூற்று மதிப்புப் பற்றியது. “மெக்கானிக்குக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? நாலு சனம் என்ன சொல்லும்?” என்றார் தகப்பனார். அந்த நான்கு சனத்தின் பெயர்களையும் கொப்பியில் எழுதச் சொன்னோம். அவர் சிரித்தார், பின்னர் எழுதினார். எழுதிய நால்வருள் இருவர் காலமாகிவிட்டனர். ஒருவர் பதினைந்து ஆண்டாக ஊருக்கு வரவில்லை. நான்காமவர் கனடாவிலுள்ள அந்தத் தாய்மாமன். அவர் ரொறன்ரோவில் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டோம். ஒரு தொழிற்சாலையிலே இரவு முறையில் இயந்திரத்தைப் பார்க்கிறார். அவருக்கு ஊரிலே மதிப்பிருக்கிறதா என்று கேட்டோம். இருக்கிறது; கோயிலிலே அவர் பெயரில் உபயமும் இருக்கிறது.

இவ்விடத்தில் நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். கையிலே கிறீஸ் பட்டவனை ரொறன்ரோவில் மதிக்கும் சமுதாயம் வடமராட்சியில் அவனை இகழுமாயின், இகழப்படுவது வேலை அன்று. நிலமானிய முறை பிறப்பினால் தொழிலையும் தொழிலினாற் பிறப்பையும் கட்டி வைத்தது. எந்தக் கை எந்தக் கருவியைத் தொடலாம் என்று அது விதித்தது. கந்தோர்க் கதிரையின் பெரும் கவர்ச்சி அதன் சம்பளத்தில் மட்டும் இருக்கவில்லை. கருவியைத் தொடாத கை என்ற அடையாளத்திலும் இருந்தது. சாதியைப் பற்றி வாய் திறக்காத வீடுகளிலும் தொழில்களின் வரிசை சாதியின் வரிசையாகவே இன்றும் நிற்கின்றது. இந்த எண்ணத்தைக் கழற்றாமல், பிள்ளையின் எதிர்காலத்தைப் பகுத்தறிவோடு ஆராய்ந்தோம் என்று சொல்வது தன்னைத் தானே ஏமாற்றுவதாகும்.

எனினும், பழைய கருத்துக்கள் யாவும் பொய் என்று தள்ளிவிடும் அவசரமும் ஓர் ஆபத்து. அன்று மாலையில் நாமே அவ்வாபத்தில் விழப் பார்த்தோம். “கடை, தொழில் எண்டு போட்டால் ஒரு நாளைக்கு எல்லாம் போயிடும்” என்று தாயார் சொன்னபோது, அதனையும் மூன்றாம் வகையில் எழுதப் போனோம். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அவருடைய தந்தையின் கடை 1983 யூலையில் கொழும்பிலே எரிந்தது. கடைக்காரனின் முதல் ஒரே நாளிற் சாம்பலாயிற்று. அரசாங்க உத்தியோகத்தரோ இடம்பெயர்ந்த பின்னும் வேறொரு கந்தோரிலே சம்பளம் பெற்றார். யுத்த காலத்தில் வன்னியில் இருந்த உத்தியோகத்தருக்கும் கொழும்பிலிருந்து சம்பளம் வந்தது. ஆகவே அத்தாயின் அச்சம் வழக்கமன்று. விலை கொடுத்து வாங்கிய அனுபவம். ஒரு கருத்துப் பழையது என்பது அதனைத் தள்ளக் காரணமாகாது. அது பிறந்த காரணம் எது, அக்காரணம் முற்றாக நீங்கிவிட்டதா என்று கேட்க வேண்டும். நீங்கிவிட்டது என்று அத்தாய்க்கு உறுதி கூற எமக்குத் துணிவில்லை. ஆனால் அவரது அச்சத்தை இன்னும் கூர்மையாக எழுத முடிந்தது. அவர் அஞ்சியது தொழிலையன்று. ஓரிடத்திற் குவிந்து கிடக்கும் முதலை. சரக்கு எரியும், கைத்திறன் எரியாது. கருவிப்பையோடும் சான்றிதழோடும் இடம்பெயரலாம். “கடனுக்குச் சரக்கு வாங்கிக் கடை நிரப்புவதில்லை” என்று கொப்பியிலே ஒரு நிபந்தனையாக அது ஏறியது.

டேக்கார்ட் தம் கருத்துக்கள் அனைத்தையும் ஐயுறத் தொடங்கியபோது, வீட்டை இடித்துக் கட்டும்வரை குடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்று சொல்லி, அதுவரை நாட்டு வழக்கத்தையே தற்காலிகமாகப் பின்பற்றினார். அது கோழைத்தனமன்று. பையனும் எதனையும் எரித்துவிட்டு ஓடவில்லை. மூன்றாம் முறைக்கு விண்ணப்பிக்கும் காலம் வருமுன் பன்னிரண்டு கிழமை இருந்தது. அப்பன்னிரண்டு கிழமையும் அக்கடையிலே முழு நாள் வேலை செய்வது, ஒவ்வொரு வேலையையும் எழுதி வைப்பது, பின்னர் முடிவு செய்வது என்று தீர்மானித்தோம். சோதனையின் விலை சிறியதாயும், தோற்றால் திரும்பி வரக் கூடியதாயும் இருத்தல் வேண்டும் என்பதே காரணம்.

பன்னிரண்டு கிழமையில் அவன் கொப்பியிலே எழுபத்தொரு வேலை எழுதப்பட்டிருந்தது. அவற்றுள் பத்தொன்பது, முன்பு திருத்திய பெட்டியே திரும்பி வந்தவை. காரணத்தை அவனே பிரித்து எழுதியிருந்தான். பெரும்பாலானவற்றில் ஒழுக்கைத் தேடாமல் வாயு அடித்திருந்தார்கள். சிலவற்றில் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பினால் உறிஞ்சி எடுக்காமலே வாயு விட்டிருந்தார்கள். கடைக்காரர் சோம்பேறியல்லர், அவரும் கண்டு பழகியவரே தவிர முறையாகக் கற்றவரல்லர். மீன்பிடி குறையும் மாரி காலத்திலே கடனுக்குத் திருத்தக் கேட்போர் அதிகம் என்பதும் கொப்பியிலே தெரிந்தது. ஆகவே சோதனை அவனுக்குச் சொன்னது, “இதுவே உன் வழி” என்பதன்று. வேலை இருக்கிறது, அதனைச் சரியாகச் செய்யும் அறிவு இங்கே இல்லை, அவ்வறிவைப் பெறாமல் இதிலே நின்றால் நீயும் பத்தொன்பது பெட்டிகளைத் திரும்பத் திருத்துவாய் என்பதே அது சொன்னது.

இரண்டாவது தேவையான முதுமைக் காப்பையும் அக்கடையிலேயே சோதித்தோம். சட்டப்படி, ஒரு தொழிலாளியை மட்டும் வைத்திருக்கும் முதலாளியும் ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். தொழிலாளியின் பங்கு 8 வீதம். மாதம் 50,000 ரூபாச் சம்பளமாயின் மொத்தம் 11,500 ரூபா அவன் பெயரிற் சேர வேண்டும். அரசாங்க ஓய்வூதியத்துக்கு இது முழு ஈடன்று. ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்லத்தக்கதும் அன்று. அக்கடையிலே ஒரு சதமும் கட்டப்படவில்லை. கட்டப்படுகிறதா என்று அறிவது எளிது. அங்கத்தவர் இலக்கத்தைக் கேட்க வேண்டும். மத்திய வங்கி அனுப்பும் கணக்குக் கூற்றைக் கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் காப்பு இல்லை.

இப்போது, ஊர் ஊராக மண்டபம் பிடித்து இளைஞருக்குத் தன்னம்பிக்கை விற்கும் பிரசங்கிகளுக்கு ஒரு வார்த்தை. மூலத்திலிருந்து சிந்தி, பழைய எண்ணங்களை உதறு, வானமே எல்லை என்று அவர்களும் சொல்கிறார்கள். அவர்களுடைய மூலம் எங்கே நிற்கிறது? தனி மனிதனின் மனத்தோடு நின்றுவிடுகிறது. தகப்பனின் பயத்தை உதறச் சொல்பவர், முதலாளி கட்டாத 12 வீதத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. சாதியைப் பற்றிப் பேசுவதில்லை. தொழிற்பயிற்சி பெற்றவனை இரண்டாந்தரப் பிரசையாக்கும் கல்வி முறையைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லாத் தடையையும் மனத்தடை என்று சொல்பவன் வறியவனின் தோல்விக்கு வறியவனையே குற்றவாளியாக்குகிறான். மெய்யாகவே மூலம் வரை தோண்டினால் அங்கே இரு வகைக் கற்கள் அகப்படும். ஒரு வகையை ஒரு குடும்பம் தானே புரட்டலாம்: நாலு சனத்தின் வாய், தொழிலின் பெயர் மீதுள்ள மயக்கம், எண்ணிப் பாராத நம்பிக்கை. மற்ற வகையைப் பலர் சேர்ந்தே புரட்ட முடியும்: சட்டத்தை ஏய்க்கும் முதலாளி, சுயதொழில் செய்வோனுக்குப் போதாத முதுமைக் காப்பு, மாவட்டங்களுக்கிடையே உள்ள வசதி ஏற்றத்தாழ்வு. முன்னதைப் பின்னது என்று கொள்பவன் கையைக் கட்டிக் கொண்டு இருப்பான். பின்னதை முன்னது என்று கொள்பவன் தன்னையே நொந்து அழிவான். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத முறை எதுவாயினும் அது பாதி முறையே.

அந்தப் பையன் மூன்றாம் முறை எழுதவில்லை. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றிலே குளிரூட்டல், வளிச்சீராக்கல் பயிற்சியிற் சேர்ந்தான். தேசிய தொழிற்றகைமையின் நான்காம் மட்டத்தை அடைந்தபின், விரும்பினால் ஐந்தாம், ஆறாம் மட்டங்களில் டிப்ளோமாவும், ஏழாம் மட்டத்திற் பட்டத்துக்கு ஒப்பானதும் அவ்வழியிலேயே உண்டு. மாமன் அனுப்பிய பணத்தை அவருடைய சம்மதத்தோடு தங்கையின் படிப்புக்கு ஒதுக்கினார்கள். சம்மதம் பெற மூன்று தொலைபேசி அழைப்பும் ஒரு கோபமும் செலவாயின. அவன் முடிவு சரியானதா என்பதை நாம் இன்று சொல்ல முடியாது, காலம் சொல்லட்டும். ஆனால் அது அவனுடைய முடிவு. அது பிழைத்தால் எந்த இடத்திற் பிழைத்தது என்று கண்டுபிடிக்க அவனிடம் ஒரு கொப்பி இருக்கிறது.

அண்மையில் அவ்வீட்டுக்குப் போனோம். வாசலிலே அயலவர் ஒருவர், “மகன் இப்ப என்ன செய்யிறார்?” என்று தகப்பனாரைக் கேட்டார். தகப்பனார் சற்றுத் தயங்கினார். “படிக்கிறான்” என்று மட்டுஞ் சொன்னார். என்ன படிக்கிறான் என்று அவர் சொல்லவில்லை. அச்சொல்லை அவர் தலை நிமிர்ந்து சொல்லும் நாள் வரும்வரை நமது வேலை முடிந்ததாகாது. ஏனெனில் அந்தத் தயக்கத்தை அவர் மட்டும் உண்டாக்கவில்லை. நாம் எல்லோருஞ் சேர்ந்தே உண்டாக்கினோம்.